யானைகள் துதிக்கையைப் பின்னிக்கொண்டு முனகுவது ஏன்?

கேள்வி: ரெண்டு யானை சந்திச்சா துதிக்கையைப் பின்னிக்கிட்டு மெதுவா உறுமுதே, அது பாசமா, வேற காரணமா?

பாசமும் உண்டு, விசாரிப்பும் உண்டு. கென்யாவின் அம்போசெலியில் யானை ஆய்வாளர் சிந்தியா மாஸ் 1972 முதல் யானைக் குடும்பங்களைக் கவனித்து எழுதியிருப்பதைப் பார்த்தால் இது தெளிவாகும். பிரிந்திருந்த நெருங்கிய உறவுகள் சந்தித்தால் ஓடிவந்து, காதை விசிறி, துதிக்கையைப் பின்னி, நுனியை மற்றதன் வாய்க்குள் விடும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே இருக்கும் சுரப்பியான கன்னப்பொறியிலிருந்து நீர் வழியும். அங்கேயே சிறுநீரும் சாணமும் போடும். நமக்கு ஒரு மாதிரி இருக்கும், ஆனால் அந்த வாசனைகளிலும் செய்தி இருக்கிறது. வாயிலும் கன்னப்பொறியிலும் தொட்ட நுனியைத் தன் மேலண்ணத்தில் உள்ள சிறு குழிகளில் வைத்தால், எதிரே நிற்பது யார், எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

சரி, உறுமல்? அது குரல்நாண்கள் மிக மெதுவாக அதிர்வதால் வருவது. அதன் அடிப்படை அதிர்வு பெரும்பாலும் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால், நம் காதுக்கு அந்த ஒலியின் மேல்பகுதி மட்டுமே எட்டும். 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லேண்ட் உயிரியல் பூங்காவில் விலங்கொலி ஆய்வாளர் கேட்டி பெய்ன் இதைக் காதால் கேட்கவில்லை, காற்றில் ஒரு துடிப்பாகத்தான் உணர்ந்தார். பிறகு ஒலிப்பதிவு அதை உறுதிசெய்தது. யானைகள் குரலை வைத்தே ஆளை அடையாளம் காணும்.

அவ்வளவாகப் பழக்கமில்லாத யானைகள் இப்படிக் கொண்டாடுவதில்லை, நுனியால் ஒரு தொடுதலோடு சரி. இன்னொன்று: இளம் ஆண்கள் துதிக்கையைப் பின்னி ஒன்றையொன்று தள்ளினால் அது வரவேற்பல்ல, பலப்பரீட்சை.