எட்டும் எட்டும் சேர்ந்தால்?

கேள்வி: என் மகள் பிறந்தது 5-11-1999. பேசி முடித்திருக்கும் மாப்பிள்ளை 17-3-1995. ஜாதகப் பொருத்தம் திருப்தியாக இருக்கிறது. ஆனால் மதுரையில் ஓர் எண்கணித நிபுணர், ‘இருவருக்கும் விதி எண் 8. கெட்ட காலம் இருவருக்கும் ஒரே நேரத்தில் வரும். பெண்ணின் பெயரில் ஒரு ‘ஏ’ கூட்டினால் சரியாகிவிடும்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சம்பந்தி வீட்டார் தயங்குகிறார்கள். என்ன செய்வது?
– ஒரு தந்தை, திருமங்கலம்

பதில்: நீங்கள் இணைத்திருந்த தாளைப் பார்த்தேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, ஒவ்வோர் இலக்கத்துக்கும் நடுவே கூட்டல் குறி போட்டு, கடைசியில் வந்த 8-ஐச் சிவப்பு மையில் இரண்டு முறை வட்டமிட்டிருக்கிறார். கூட்டலில் பிழை இல்லை. இரண்டு தேதிகளிலும் எல்லா இலக்கங்களையும் கூட்டினால் 35 வருகிறது. மூன்றும் ஐந்தும் எட்டு. அதற்கு மேல் அவர் சொன்னதில்தான் கோளாறு.

முதலில், இந்த ஒற்றுமை அப்படியொன்றும் அபூர்வமானது அல்ல. விதி எண் என்பது பிறந்த தேதி, மாதம், ஆண்டு மூன்றையும் ஓரிலக்கமாகச் சுருக்குவது. கிடைப்பது ஒன்று முதல் ஒன்பது வரை ஏதோ ஒன்று. (சிலர் 11, 22 போன்றவற்றைச் சுருக்காமல் தனியே வைப்பார்கள், அது இங்கே எழவில்லை.) ஆகவே ஏறக்குறைய ஒன்பது ஜோடிகளில் ஒரு ஜோடிக்கு ஒரே விதி எண் அமைந்தே தீரும். முகூர்த்த நாள் ஒன்றில் திருப்பரங்குன்றத்தில் தொண்ணூறு கல்யாணம் நடக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதில் பத்து ஜோடி உங்கள் மகளும் மாப்பிள்ளையும் போலத்தான். அந்தப் பத்து ஜோடியும் மாலையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டுமா?

எண்கணிதக்காரர்களே இதை முழுத் தீமையாகச் சொல்வதில்லை. ஒரே எண் உள்ளவர்களுக்கு வாழ்க்கையில் நாட்டமும் வேகமும் ஒன்றாக இருக்கும், ஒருவர் வாய் திறக்குமுன் மற்றவருக்குப் புரியும் என்பார்கள். ஆபத்தாக அவர்கள் காட்டுவது, ஒரே குறை இரட்டிப்பாகும், அதைச் சமன் செய்ய வீட்டில் ஆள் இருக்காது என்பது. ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் யார் தலைமை என்ற போட்டி; இரண்டும் இரண்டும் சேர்ந்தால் இருவருமே முடிவெடுக்கத் தயங்குவார்கள்; ஐந்தும் ஐந்தும் சேர்ந்தால் ஓரிடத்தில் கால் தரிக்காது. இப்படி ஒவ்வொன்றுக்கும் உண்டு.

எட்டுக்கு வரும்போதுதான் நம் ஊரில் எல்லோருக்கும் முகம் மாறுகிறது. காரணம், நம் எண்கணிதத்தில் எட்டு சனிக்கு உரியது. தாமதம், தடை, கடும் உழைப்பு என்று பலன் சொல்வார்கள். எட்டோடு எட்டைச் சேர்த்தால் இரட்டைச் சனி என்று பயமுறுத்துவார்கள். மேல்நாட்டு எண்கணிதத்தைப் புரட்டினால் அதே எட்டு செல்வம், நிர்வாகத் திறமை, அதிகாரம். அங்கே எட்டும் எட்டும் சேர்ந்தால் சேர்ந்து தொழில் நடத்தப் பொருத்தமான ஜோடி; எச்சரிக்கை ஒன்றுதான், இருவருமே பணப்பெட்டிச் சாவியைத் தங்கள் கையில் வைத்திருக்க விரும்புவார்கள். ஒரே எண், இரண்டு பலன்கள். எதை நம்புவது என்று உங்கள் நிபுணரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பயம் தருவதைத்தான் சொல்வார், பயத்துக்குத்தானே பரிகாரம் விற்க முடியும்.

அவருடைய தாளில் இன்னொரு விஷயமும் விட்டுப்போயிருக்கிறது. பிறந்த தேதியை மட்டும் சுருக்கினால் வருவது பிறவி எண். மாப்பிள்ளை 17-இல் பிறந்தவர், அவருக்கு அதுவும் 8. உங்கள் மகளுக்கு 5, புதனுடைய எண். குணத்துக்குப் பிறவி எண்ணைப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் விதிதான். அப்படிப் பார்த்தால் இவர்கள் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்ல.

இனி அந்தக் ‘கெட்ட காலம் ஒன்றாக வரும்’ கதை. இது ஜோதிடத்திலிருந்து இரவல் வாங்கியது. கணவன் மனைவி இருவருக்கும் ஒரே ராசியானால் ஏழரைச் சனியும் ஒரே சமயத்தில் பிடிக்கும், தாங்குவதற்கு ஆள் இருக்காது என்று பெரியவர்கள் யோசிப்பார்கள். ஜோதிடக் கணக்கின்படி அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒரே ராசிக்குச் சனி ஒரே நேரத்தில்தான் வரும். ஆனால் எண்கணிதத்தில் ஓர் ஆண்டு ஒருவருக்கு எப்படி இருக்கும் என்பதை விதி எண்ணை வைத்துப் பார்ப்பதில்லை. பிறந்த தேதியையும் மாதத்தையும் நடப்பு ஆண்டோடு கூட்டித் தனி ஆண்டு எண் என்று ஒன்றை எடுக்கிறார்கள். பிறந்த ஆண்டு அதில் சேராது.

போட்டுப் பாருங்கள். மகளுடைய தேதியும் மாதமும் 5, 11, கூட்டிச் சுருக்கினால் 7. மாப்பிள்ளைக்கு 17, 3. கூட்டிச் சுருக்கினால் 2. 2026-ஆம் ஆண்டின் இலக்கங்களைச் சுருக்கினால் 1. ஆக 2026 உங்கள் மகளுக்கு எட்டாம் ஆண்டு, மாப்பிள்ளைக்கு மூன்றாம் ஆண்டு. மாப்பிள்ளைக்கு எட்டு வருவது 2031-இல்தான். நடுவில் ஐந்து ஆண்டு இடைவெளி. இந்த இடைவெளி ஆயுள் முழுவதும் மாறாது. விதி எண் ஒன்றாக உள்ள இருவருக்கு ஆண்டு எண்ணும் ஒன்றாக ஓட வேண்டுமானால், அவர்கள் ஒரே ஆண்டில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பிறந்த ஆண்டுகளுக்கிடையே ஒன்பதின் மடங்கு இடைவெளி இருக்க வேண்டும். இவர்களுக்கு இடையே இருப்பது நான்கு. அவர் நம்பும் சாஸ்திரத்தின் கணக்கே அவர் சொன்னதைத் தள்ளுபடி செய்கிறது. (2031-இல் பெண்ணுக்கு 4 வருகிறதே, அது ராகுவாயிற்றே என்று இன்னொருவர் கிளம்பலாம். ஒன்பது எண்களில் ஏதாவது ஒன்றைச் சொல்லிப் பயமுறுத்த எப்போதும் வழி இருக்கிறது.)

அந்த ‘ஏ’ விவகாரம் அதைவிட வேடிக்கை. ‘ஏ’க்கு மதிப்பு 1. சேர்த்தால் பெயர் எண் ஒன்று கூடும், அவ்வளவுதான். பிறந்த தேதியிலிருந்து வந்த விதி எண் அசையாது. அதை மாற்ற முடியாது என்பதும் அவர்கள் ஒப்புக்கொள்வதே. நோய் விதி எண்ணில் என்கிறார், மருந்தைப் பெயருக்குத் தடவுகிறார். பெண்ணுக்கு மிஞ்சப்போவது அலைச்சல்தான். பட்டச் சான்றிதழ், ஆதார், பான் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாம் ஓர் எழுத்தில். கல்யாணப் பத்திரிகையும் திருமணப் பதிவும் இன்னோர் எழுத்தில். பிறகு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட விண்ணப்பத்தோடு நிற்க வேண்டும்.

சம்பந்தி வீட்டில் வயதானவர்கள் இருந்தால் மெதுவாக ஒன்று கேளுங்கள்: பள்ளிச் சான்றிதழில் உள்ளதுதான் அவர்களுடைய உண்மையான பிறந்த தேதியா? நம் கிராமப்புறங்களில் அந்தத் தலைமுறைக்கு, பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் வயதைக் கணக்கிட்டுப் போட்ட தேதியே நிலைத்துவிட்டது. வீட்டில் சொல்லும் தேதி ஒன்று, சான்றிதழில் இருப்பது வேறொன்று. எந்தத் தேதியின் விதி எண்ணில் அவர்கள் இத்தனை வருடம் குடும்பம் நடத்தினார்கள்?

அந்த எச்சரிக்கையில் உருப்படியானது ஒன்று உண்டு, பணப்பெட்டிச் சாவி. இருவரும் சம்பாதிப்பவர்களானால் யார் சம்பளம் எதற்கு, யாருக்கு என்ன கடன் பாக்கி, பெற்றோருக்கு மாதம் எவ்வளவு என்பதை இருவரும் உட்கார்ந்து பேசிவிடட்டும். எண் எதுவானாலும் பேச வேண்டிய பேச்சு அது.

மேலே போட்ட கூட்டலை ஒரு வெள்ளைத் தாளில் எழுதிச் சம்பந்தியிடம் காட்டுங்கள். மஞ்சள் தடவ வேண்டாம். பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போது மகளின் பெயரைச் சான்றிதழில் உள்ளபடியே அச்சிடச் சொல்லுங்கள்.