சிஜிபிஏவை எதால் பெருக்கினால் சதவீதம் கிடைக்கும்?

கேள்வி: என் பொறியியல் பட்டப்படிப்பின் சிஜிபிஏ 6.3. ஒருவர் 10-ஆல் பெருக்கச் சொல்கிறார், இன்னொருவர் 9.5 என்கிறார். விண்ணப்பத்தில் 60% கேட்கிறார்கள். எது சரி?

பதில்: முதலில் 9.5-ஐ விட்டுவிடுங்கள். அது சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்கு வந்த எண். அங்கே அப்போது 91 முதல் 100 வரை வாங்கிய எல்லாருக்கும் 10 புள்ளி கொடுத்தார்கள். அந்த உச்சத் தரத்தில் இருந்த மாணவர்களின் முந்தைய ஆண்டுகளின் மதிப்பெண்களைச் சராசரி எடுத்தபோது ஏறக்குறைய 95 வந்தது. அதை 10-ஆல் வகுத்ததுதான் 9.5. உங்கள் பட்டப்படிப்புக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தம் இல்லை.

சரி, ஏன் இத்தனை சூத்திரங்கள்? 71 வாங்கியவருக்கும் 80 வாங்கியவருக்கும் ஒரே 8 புள்ளி தரும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான மதிப்பெண் அங்கேயே தொலைந்துவிடுகிறது. பிறகு எந்தச் சூத்திரம் போட்டாலும் அது ஊகம்தான். 10-ஆல் பெருக்கினால் 8 என்பது 80 ஆகிறது, அதாவது எல்லாரும் அந்த வரம்பின் உச்சியில் இருந்ததாக வைத்துக்கொள்கிறோம். நடுப்புள்ளியோ 75.5 தான். அதனால்தான் சில நிறுவனங்கள் பெருக்கும் முன் கொஞ்சம் கழிக்கின்றன. ஏஐசிடிஇ தன் கையேட்டில் 6.25-க்கு 55%, 6.75-க்கு 60%, 7.25-க்கு 65% என்று கொடுத்திருக்கிறது. சூத்திரமாக எழுதினால்:

```
(CGPA - 0.75) × 10
```

என்னைக் கேட்டால் கழிக்கும் முறையே நியாயமானது. 9.5-ஆல் பெருக்கும்போது 10 புள்ளிக்கு 5 மதிப்பெண் குறைகிறது, 6 புள்ளிக்கு 3 தான் குறைகிறது. ஆனால் எல்லாத் தரத்துக்கும் வரம்பு ஒரே அகலம் என்றால், குறைப்பும் ஒரே அளவில்தானே இருக்க வேண்டும்? வகுப்பில் மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தரம் போடும் நிறுவனங்களில் இந்த வாதமும் நிற்காது. அங்கே தரத்துக்குப் பின்னால் நிலையான மதிப்பெண் வரம்பே கிடையாது.

இப்போது உங்கள் 6.3. பத்தால் பெருக்கினால் 63. 9.5-ஆல் 59.85. ஏஐசிடிஇ வழியில் 55.5. ஒன்றில் தகுதி உண்டு, மற்ற இரண்டில் இல்லை. இந்த இடத்தில் நமக்குச் சாதகமானதை எடுத்துப் போடுவது ஆபத்து. சான்றிதழ் சரிபார்ப்பில் விண்ணப்பத்தையே நிராகரிக்கலாம்.

எனவே விண்ணப்ப அறிவிப்பை முழுதாகப் படியுங்கள். அதிலேயே சூத்திரம் கொடுத்திருந்தால் அதுதான் செல்லும். இல்லையென்றால் உங்கள் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தைப் பாருங்கள். பல பல்கலைக்கழகங்கள் அங்கே அச்சடித்திருக்கும். அதிலும் இல்லையா, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் சதவீத மாற்றுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுங்கள். 59.85 வந்தால் அதை 60 என்று முழுமையாக்கிப் போடாதீர்கள், முழுமையாக்கலாம் என்று அறிவிப்பிலேயே சொல்லியிருந்தால் ஒழிய.