'தொடருங்கள்' என்று மட்டும் பதில் வந்தால்

"மூன்று வாரம் கழித்து வாடிக்கையாளர் 'தொடருங்கள்' என்று மட்டும் அனுப்பியிருக்கிறார். எதைத் தொடர்வது?"

நீங்கள் கடைசியாக அனுப்பிய மடலைத் திறந்து பாருங்கள். அந்த ஒற்றைச் சொல் பெரும்பாலும் அதற்குத்தான் பதிலாக இருக்கும். அதில் ஒரே கேள்வி இருந்தால் சரி, வேலையைத் தொடங்கலாம். இரண்டு இருந்தால்தான் சிக்கல்.

எனக்கு அப்படி நடந்தது. அட்டை நீலமா பச்சையா, அச்சுக்கு அனுப்பலாமா என்று ஒரே மடலில் கேட்டிருந்தேன் (தப்பு என்மேல்தான்). 'தொடருங்கள்' இரண்டாவது கேள்விக்குப் பொருந்துகிறது, நிறத்தைச் சொல்லவில்லை. "எதைச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தால் அவருக்கும் நினைவிருந்திருக்காது. அதனால், "நீல அட்டையோடு அச்சுக்கு அனுப்பப் போகிறேன், சரிதானே?" என்று பழைய மடலின் தொடர்ச்சியிலேயே எழுதினேன். பதில் வரும்வரை பிழைதிருத்தம், பக்க எண் என்று பிறகு மாற்றக்கூடிய வேலைகளை மட்டும் பார்த்தேன். அச்சுக்கு மட்டும் அனுப்பவில்லை.