வார இறுதி வாடகையில் மாணவர் சலுகை: கடைக்காரருக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: விஸ்காம் மூன்றாம் ஆண்டு குறும்படத்துக்கு நான்தான் புரொடக்‌ஷன் மேனேஜர். வடபழனியில் ஒரு கேமரா வாடகைக் கடைக்கு, "நாங்கள் மாணவர்கள், சனி ஞாயிறுக்குக் கொஞ்சம் குறைத்துப் போட்டுத் தாருங்கள் சார்" என்று வாட்ஸ்அப்பில் கடிதம் அனுப்பினேன். பதிலே இல்லை. எப்படிக் கேட்டால் கிடைக்கும்?
– வாசகர், சென்னை

பதில்: எந்தத் தேதி, என்னென்ன பொருள், எத்தனை மணிக்கு எடுத்து எத்தனை மணிக்குத் திருப்புவீர்கள் என்பது இல்லாமல் கடைக்காரரால் விலை சொல்ல முடியாது. "குறைத்துத் தாருங்கள்" என்பது மட்டும் இருந்தால், அவர்தான் உங்களை அழைத்து எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும். வேலை நெருக்கடியில் அப்படியான கடிதம் அப்படியே கீழே போய்விடும்.

முதலில் தேதியைப் பாருங்கள். வார இறுதி என்றாலே கேமரா சும்மா கிடக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கல்யாண வீடியோ எடுப்பவர்களும் அதே கேமரா, அதே லென்ஸைத்தான் வாடகைக்கு எடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் என்றால் முழு வாடகை கொடுக்க ஆள் காத்திருக்கும்போது உங்களுக்கு ஏன் குறைக்க வேண்டும்? ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் குறைவு. அப்போது கேட்டால் பேச்சுக்கு இடமிருக்கும். படப்பிடிப்பைத் தள்ளிவைக்க முடியாவிட்டால், காலண்டரில் முகூர்த்தம் இல்லாத சனி, ஞாயிறாகப் பார்த்துக் கேளுங்கள்.

அடுத்தது, எதைக் குறைக்கச் சொல்கிறீர்கள் என்பது. "30 சதவீதம் தள்ளுபடி" என்று கேட்டால் கடையின் நாள் வாடகையிலேயே கை வைப்பதாகிறது. ஒருவருக்குக் குறைத்தது தெரிந்தால் அடுத்தவரும் கேட்பார் என்ற தயக்கம் அவருக்கு இருக்கும். அதற்குப் பதில் நாள் கணக்கில் சலுகை கேளுங்கள். வெள்ளி மாலை எடுத்துத் திங்கள் காலை திருப்பினால் சில கடைகள் இரண்டு நாள் போடும், சில மூன்று நாள் போடும். அதை ஒன்றரை நாளாகக் கணக்கிடச் சொல்வது அவருக்கும் ஒப்புக்கொள்ள எளிது. நாள் வாடகை அப்படியே நிற்கிறது.

கடிதம் இந்த அளவில் இருந்தால் போதும்:

"வணக்கம் சார். ... கல்லூரி விஸ்காம் மூன்றாம் ஆண்டு மாணவர் குறும்படத்தின் புரொடக்‌ஷன் மேனேஜர் எழுதுகிறேன். ஜூலை 25, 26 (சனி, ஞாயிறு) படப்பிடிப்பு, சாலிகிராமத்தில் ஒரு வீட்டுக்குள். தேவை: கேமரா பாடி 1, 24-70 லென்ஸ் 1, பேட்டரி 4, ட்ரைபாட் 1, எல்இடி லைட் 2 ஸ்டாண்டுடன். வெள்ளி மாலை 6 மணிக்கு எடுத்து, திங்கள் காலை 9 மணிக்குத் திருப்புகிறோம். இதை ஒன்றரை நாள் வாடகையாகக் கணக்கிட முடியுமா? துறைத் தலைவரின் கடிதமும் மாணவர் அடையாள அட்டை நகல்களும் தருகிறோம். கடை அசிஸ்டென்ட் ஒருவர் உடன் வரட்டும், அவர் பேட்டா, சாப்பாடு, போக்குவரத்து எங்கள் பொறுப்பு. பாதித் தொகையை முன்பணமாக இன்றே அனுப்புகிறோம்."

கடைசி மூன்று வரிகளுக்குத்தான் எடை அதிகம். மாணவர்களிடம் கொடுத்தால் பொருள் உடைந்து வருமோ என்பதுதான் கடைக்காரரின் பெரிய கவலை. பணம் குறைவது அதற்கு அடுத்துதான். பேட்டாவை மிச்சம் பிடிக்க அசிஸ்டென்ட் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அவர் இருப்பதால்தான் கடை துணிந்து பொருளைத் தரும். லென்ஸில் முன்பே இருந்த கீறலுக்கு உங்களைக் கேட்டால் சாட்சியும் அவரே. அவருடைய பேட்டாவில் சலுகை கேட்பது சரியும் அல்ல.

கணக்கு எப்படி வரும் என்று பார்ப்போம். மேலே சொன்ன பொருள்களுக்கு நாள் வாடகை 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளுக்கு 18,000. ஒன்றரை நாளுக்கு 13,500. பில் போடும் கடை என்றால் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2,430 சேர்ந்து 15,930 ஆகும். பேட்டாவும் வண்டிச் செலவும் தனி. சொன்ன விலை ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று முன்பே கேட்காவிட்டால் கடைசி நேரத்தில் பட்ஜெட்டில் துண்டு விழும்.

சம்மதம் வந்ததும், "ஒன்றரை நாள், திங்கள் காலை 9 மணி வரை" என்பதை வாட்ஸ்அப்பிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தாமதமானால் எவ்வளவு, சேதமானால் பழுதுக் கூலியா, புது விலையா என்பதையும் அதே செய்தியில் கேளுங்கள். பெரும்பாலான தகராறு இந்த இரண்டில்தான் வருகிறது. உத்தரவாதமாக அசல் ஆதார் அட்டையைக் கொடுக்க வேண்டாம், நகல் போதும். தொகை எழுதாத காசோலையும் வேண்டாம்.

பொருளை எடுக்கும்போது கடையிலேயே வரிசை எண், பேட்டரி எண்ணிக்கை, லென்ஸின் முன்பக்கம் எல்லாவற்றையும் கைபேசியில் வீடியோ எடுங்கள். அப்பர்ச்சரை எஃப் 16-இல் வைத்து, வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சென்சாரில் தூசி இருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும். அங்கேயே துடைத்துத் தரச் சொல்லுங்கள், நீங்கள் கை வைக்காதீர்கள்.