அ முதல் ஃ வரை ஃபேர்வெல் ஸ்பீச்: எங்க மாட்டும், எப்படி தாண்டுறது?

"சார், என் பொண்ணு ப்ளஸ் டூ. ஃபேர்வெல்ல தமிழ்ல பேசணும், ஒவ்வொரு வாக்கியமும் அ, ஆ, இ, ஈனு வரிசையா ஆரம்பிக்கணும்னு ஆசைப்படுறா. ஔ, ஃ ரெண்டுலயும் மாட்டிக்கிட்டா. என்ன பண்ணலாம்?"

எழுத்தை வச்சுக்கிட்டு வார்த்தை தேடுறத முதல்ல நிறுத்த சொல்லுங்க. ஈ-க்கு ஈகை, ஊ-க்கு ஊக்கம்னு அகராதிய பாத்து எழுதினா அந்த பேச்சுல அவ ஸ்கூலே இருக்காது. சொல்ல நினைக்கிற சம்பவங்கள சாதாரணமா எழுதிட்டு அப்புறம் வார்த்தைய முன்னாடி இழுக்கணும், தமிழ்ல அது ரொம்ப ஈசி. "லேப்ல ஆசிட் கொட்டினப்போ கெமிஸ்ட்ரி மிஸ்தான் முதல்ல ஓடி வந்தாங்க"ன்றத "ஓடி வந்தது கெமிஸ்ட்ரி மிஸ்தான், லேப்ல ஆசிட் கொட்டினப்போ"னு திருப்புங்க, ஓ ரெடி, விஷயமும் அப்படியே இருக்கு.

ஔ-க்கு ஔடதம் எல்லாம் வேணாம், யாருக்கும் புரியாது. ஔவையார் இருக்காங்களே: "ஔவையார் பாட்ட ஒப்பிக்க தெரியாம பெஞ்சு மேல நின்ன நாலு பேரும் இன்னிக்கு முதல் வரிசைல உட்கார்ந்திருக்கோம்." இதுக்கு கை தட்டு நிச்சயம்.

ஃ-ல தமிழ் சொல் எதுவும் ஆரம்பிக்காது. ஔவையாரே ஆத்திசூடில அந்த இடத்துக்கு "அஃகம் சுருக்கேல்"னுதான் போட்டாங்க, அதனால அஃ-னு ஆரம்பிச்சாலும் தப்பே இல்ல. ஆனா இன்னிக்கு நாம எழுதுற ஃபேர்வெல், ஃப்ரெண்ட்ஸ் ரெண்டுமே ஃ-லதான் தொடங்குது, கடைசி வரிக்கு இதவிட பொருத்தமா என்ன கிடைக்கும்? கேக்குறவங்க காதுல அது ஆய்த எழுத்தா விழாதுன்றதால "அடுத்தது ஆய்த எழுத்து"னு சொல்லிட்டு அந்த வரிய ஆரம்பிக்கட்டும்.

பல பேர் கவனிக்காம விடுறது உச்சரிப்பு. பேப்பர்ல "இடம்"னு இருக்கும், வாய்ல "எடம்"னு வரும், "உலகம்" "ஒலகம்" ஆயிடும், "இரண்டு" ரெண்டாயிடும், "ஐந்து" அஞ்சாகி அ-க்கே திரும்பிடும், அங்கேயே வரிசை உடைஞ்சுடும். இ, உ-க்கு அடுத்து ஒத்தை மெய்யோட அகரம் வந்தா (இ-ட, உ-ல மாதிரி) இந்த மாற்றம் நிறைய வரும். அதனால இ-க்கு "இன்னிக்கு", உ-க்கு "உச்சி வெயில்ல பிடி பீரியட்", ஐ-க்கு "ஐடி கார்டு மறந்து கேட்ல நின்ன நாள்" இந்த மாதிரி பேசும்போதும் மாறாத வார்த்தையா எடுக்கணும். எழுதி முடிச்சதும் அவள பேச விட்டு ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி, ஸ்கிரிப்ட் பாக்காத ஒருத்தர கேக்க வச்சு ஒவ்வொரு வரியோட முதல் எழுத்த மட்டும் குறிக்க சொல்லுங்க, எந்த வரில அவர் தப்பா எழுதுறாரோ அந்த வரியோட முதல் வார்த்தைய மாத்திடுங்க.

மெய் எழுத்துக்கும் நீட்டலாம்னு கேட்டா வேணாம்னு சொல்லுங்க. ண, ழ, ள, ற, ன-ல சொல்லே ஆரம்பிக்காது. ப்ளஸ் டூவுக்கு 12 உயிரும் ஒரு ஆய்தமும் போதும், மொத்தம் 13 வாக்கியம்.