நூலக வெப்சைட் தொடக்க விழாவில் என்ன பேசுவது?

"எங்கள் கிராம நூலகத்துக்குப் புது வெப்சைட் தொடங்குகிறோம். தன்னார்வலர்களுக்கு நன்றி சொல்லி, அதை எப்படிப் பயன்படுத்துவது என்றும் சுருக்கமாகப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எப்படிப் பேசுவது?"

பெயர்ப் பட்டியலை வாசித்து நன்றி சொல்லாதீர்கள். வாசித்து மாட்டிக்கொண்டவன் நான்.

எங்கள் விழாவுக்கு 11 பெயர் எழுதி எடுத்துப் போனேன். மேடையில் வாசித்தது 10. தாளை மடித்திருந்த மடிப்பில் ஒரு வரி மறைந்துபோனது. அது எனக்குத் தெரியவே இல்லை. அப்படியே, "வாங்க, ஒரு புத்தகத்தைத் தேடிக் காட்டுகிறேன்" என்று திரைப் பக்கம் திரும்பிவிட்டேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "ஔவையார் பாட்டு இருக்கான்னு பாருங்க தம்பி" என்றார். தட்டினேன். ஒன்றும் இல்லை என்று வந்தது. எனக்குப் பின்னாலேயே அலமாரியில் மூன்று புத்தகம் நிற்கிறது! கூட்டம் சிரித்தது. அப்போது கடைசி வரிசையிலிருந்து ஓர் அக்கா எழுந்து, "ஒ போட்டு, பக்கத்தில் ள போட்டுத் தேடுங்க" என்றார். மூன்றும் வந்தன. நான் பெயரை விட்டது அவரைத்தான்.

விஷயம் இதுதான். ஔ என்பது கணினிக்கு ஒரே எழுத்து. சிலர் அது விசைப்பலகையில் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒ, ள என்று இரண்டாகத் தட்டிவிடுவார்கள். திரையில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும், தேடலுக்கோ இரண்டும் வேறு சொல். பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலை அந்த அக்காவுடையது. இதைக் கண்டுபிடித்துப் பாதி அலமாரி வரை திருத்தியும் இருந்தார். மொத்தமாக ஒரே சொடுக்கில் மாற்றியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: அப்படிச் செய்தால் 'ஒளி' என்று தலைப்பில் இருக்கும் புத்தகமெல்லாம் கெட்டுவிடும். அதிலும் ஒ, ள இருக்கிறதே. ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

அதனால் நீங்கள் ஆட்களின் பெயரைவிட வேலையின் பெயரைச் சொல்லுங்கள். பெயர் சொல்லாமல் என்ன நன்றி என்று சிலர் சண்டைக்கு வரலாம். வரட்டும். பெயர்களை வெப்சைட்டில் ஒரு பக்கத்தில் போட்டுவிடுங்கள். அங்கே விடுபட்டால் அன்றைக்கே சேர்க்கலாம், மைக்கில் விடுபட்டால் முடியாது. நான் இன்று பேசினால் இப்படிப் பேசுவேன்:

"அனைவருக்கும் வணக்கம். இந்த வெப்சைட்டில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு வரிக்கும் நான்கு பேர் வேலை செய்திருக்கிறார்கள். ஒருவர் புத்தகத்தை இறக்கித் தூசி தட்டினார். ஒருவர் தலைப்பையும் எண்ணையும் வாசித்தார். ஒருவர் டைப் செய்தார். ஒருவர் பதிவேட்டோடு ஒப்பிட்டுத் திருத்தினார். நால்வருக்கும் நன்றி. இதில் புத்தகத்தைப் படிக்க முடியாது. அது நம்மிடம் இருக்கிறதா, இப்போது அலமாரியில் இருக்கிறதா, யாராவது எடுத்துப் போயிருக்கிறார்களா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். எழுத்தாளர் பெயரைத் தேடும்போது தலைப்பெழுத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் தட்டுங்கள். வரவில்லை என்றால் புத்தகமே இல்லை என்று முடிவு கட்டாமல், தலைப்பில் ஒரு சொல்லைப் போட்டுப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் நூலகரிடம் கேளுங்கள். போன் இல்லாதவர்களும் அவரிடமே கேட்கலாம், அவர் தேடித் தருவார்."

தலைப்பெழுத்தை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், ஒருவர் புள்ளி வைத்து டைப் செய்திருப்பார், ஒருவர் இடைவெளி விட்டிருப்பார், இன்னொருவர் பெயருக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டிருப்பார். அலமாரியில் இருக்கிறது என்று காட்டுவதும், திரும்பி வந்த புத்தகத்தை நூலகர் அன்றன்றே பதிவு செய்தால்தான் உண்மை. இதை அவரிடம் முன்பே பேசிவிடுங்கள். மேடையில் சொன்னால் குத்திக் காட்டுவது போல ஆகிவிடும்.

எழுத்துப் பிழை என்றதும் ஞாபகம் வருகிறது. ஓர் அலுவலகத்தில் என் சான்றிதழில் ஒற்றைக் கொம்புக்குப் பதில் இரட்டைக் கொம்பு போட்டுவிட்டார்கள். திருத்த மூன்று முறை அலைந்தேன். "ரெண்டும் ஒண்ணுதானே சார்" என்றார் அங்கே இருந்தவர். சரி, அதை விடுங்கள்.

விழாவுக்கு முந்தின நாள், மேடையில் தேடப்போகும் சொல்லைத் தேடிப் பாருங்கள். கூட்டத்தில் யாரோ ஒருவர் கேட்கப்போகும் சொல்லுக்கு நான் பொறுப்பில்லை. அந்த அக்காவைப் போல ஒருவரை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.