பாசி ஒப்பந்தமும் ஒரு சாய்கோடும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் தங்கச்சிமடத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். எங்கள் அத்தை இருக்கும் மகளிர் குழு கடலில் மிதவை போட்டுப் பாசி வளர்க்கிறது. வாங்கும் கம்பெனி கொடுத்த ஒப்பந்தத்தை நான்தான் தமிழில் டைப் செய்தேன். அதில் ஒரு வரி: “காய்ந்த பாசியில் ஈரம் 35 சதவீதத்துக்கு மேல் இருந்தாலும் மற்றும்/அல்லது மணல், கயிறு கலந்திருந்தாலும் கம்பெனி அதை வாங்க மறுக்கலாம் மற்றும்/அல்லது விலையைக் குறைக்கலாம்.” இப்படிச் சாய்கோடு போட்டு எழுதுவது தமிழில் பிழையா? ‘மற்றும்’ முன்னால் கமா வருமா? கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள்தான், மற்றபடி பிரச்சினை இல்லை.

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

கமாவை விடுங்கள், எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள் என்பதும் எனக்கு வேண்டாத செய்தி. இன்று நல்லவராக இருக்கும் மேனேஜர் அடுத்த வருஷம் வேறு ஊருக்குப் போய்விடுவார், அவர் எழுதிய வரி மட்டும் இங்கேயே கிடக்கும். ராமநாதபுரத்தில் பத்திரம் எழுதிப் பிழைத்த காலத்திலேயே இந்தச் சாய்கோட்டோடு எனக்குப் பகை உண்டு. போன வாரம் ஒரு வாடகை ஒப்பந்தத்தில் அதைப் பார்த்து எரிச்சலோடு இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

உங்கள் வரியில் அது இரண்டு இடத்தில் இருக்கிறது. முதல் இடத்தில் அவ்வளவு கெடுதல் இல்லை. ஈரம் மட்டும், கலப்பு மட்டும், இரண்டும் சேர்ந்து என மூன்று நிலைமை. ‘இருந்தாலும்’ என்று இரண்டு முறை வந்துவிட்டதால் எது ஒன்று இருந்தாலும் போதும் என்பது தெளிவு. நடுவில் உள்ள மற்றும்/அல்லது வெறும் சுமை, எடுத்துவிடுங்கள். “ஈரமாகவும் கலப்போடும் இருந்தால்” என்று எழுதியிருந்தால்தான் கதை வேறு. அப்போது இரண்டு குறையும் ஒரே மூட்டையில் சேர்ந்து இருந்தால் ஒழிய கம்பெனி வாய் திறக்க முடியாது.

இரண்டாவது இடம்தான் விஷம். மறுக்கலாம், குறைக்கலாம், இரண்டும் செய்யலாம். வாங்காத சரக்குக்கு எப்படி விலையைக் குறைப்பது என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டாமா, டைப் அடிக்கும்போது? செய்ய முடியும், எப்படி என்று சொல்கிறேன். உங்கள் அத்தை குழு 200 கிலோ காய்ந்த பாசி கொண்டுபோகிறது என்று வையுங்கள். ஈரம் சரியாக இருக்கிறது. ஒரு மூட்டையில் மிதவைக் கயிற்றுத் துண்டு நாலைந்து கிடக்கிறது. “வேண்டாம், எடுத்துப் போங்கள்” என்கிறார் வாங்க வந்தவர். 200 கிலோவைத் திரும்ப வண்டியில் ஏற்றி வீட்டில் அடுக்குகிறார்கள். ஐப்பசி மழை. பாசி காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கிற சரக்கு, ஒரு வாரத்தில் இன்னும் நனைந்து போகிறது. அடுத்த வாரம் அதே ஆள் வந்து, “சரி, பாவம், குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்” என்கிறார். அவர் ஒப்பந்தத்தை மீறவில்லை. முதலில் மறுத்தார், பிறகு குறைத்தார். அந்த ‘மற்றும்’ அதற்குத்தான் இடம் கொடுக்கிறது. நாலு துண்டுக் கயிறுக்கும் அரை மூட்டை மணலுக்கும் ஒரே தண்டனை என்பதும் அதே வரியில் அடங்கியிருக்கிறது.

“அப்போது வெறும் ‘அல்லது’ போட்டால் போதுமே” என்பீர்கள். போதாது. யார் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி ‘அல்லது’வுக்குப் பின்னால் எப்போதும் நிற்கும். தொண்டியில் என் மாமா ஒருவர் தன் வள்ளத்தை ஒரு சீசனுக்கு வாடகைக்கு விட்டார். “சேதம் வந்தால் பழுது பார்த்துத் தர வேண்டும் அல்லது வள்ளத்தின் விலையைத் தர வேண்டும்” என்று முத்திரைத்தாளில் எழுதினார்கள். வள்ளம் பாறையில் மோதி அடிக்கட்டை விட்டுப்போனது. வாடகைக்கு எடுத்தவர் பைபர் வைத்து ஒட்டிக் கொண்டுவந்து விட்டார். மாமாவுக்கு விலைதான் வேண்டும், ஒட்டிய வள்ளத்தில் கடலுக்குப் போக மாட்டேன் என்றார். எது செய்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை, வேறு விதமாக எழுதாதவரை, செய்ய வேண்டியவருக்கே என்பதுதான் பொதுவான சட்ட வழக்கம். மாமா பக்கம் நியாயம் இருந்தது, வார்த்தை இல்லை. ஊர்ப் பெரியவர்கள் பாதி விலை என்று முடித்துவைத்தார்கள். இரண்டு பேருமே திருப்தியாகவில்லை, அதற்குப் பிறகு பேச்சுவார்த்தையும் இல்லை. “எது என்பதை உரிமையாளர் முடிவு செய்வார்” என்று நாலு வார்த்தை சேர்த்திருந்தால் தீர்ந்திருக்கும்.

1872இன் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 29ஆம் பிரிவின் கீழ் ஓர் உதாரணம் வருகிறது: என் வெள்ளைக் குதிரையை 500 ரூபாய்க்கு அல்லது 1000 ரூபாய்க்கு உனக்கு விற்கிறேன். எந்த விலை என்று அறிய வழி இல்லை, ஆகவே ஒப்பந்தமே செல்லாது. உங்கள் வரி அந்த அளவுக்குப் போகாது, ஏனென்றால் ‘கம்பெனி மறுக்கலாம்’ என்பதால் தேர்வு யார் கையில் என்பது தெரிகிறது. தெரிவதுதான் பிரச்சினை. கோர்ட்டு காப்பாற்றும் என்றும் நினைக்காதீர்கள். சட்டத்தின் நோக்கம் அப்படிக் கேட்டபோது ‘மற்றும்’ என்பதை ‘அல்லது’ என்று படித்திருக்கிறது உச்ச நீதிமன்றம், 1968இல் மருந்துச் சட்ட வழக்கு ஒன்றில். சந்தேகமான வரியை அதை எழுதியவருக்கு எதிராகப் படிப்பது என்றும் ஒரு விதி உண்டு, அது உங்கள் குழுவுக்குச் சாதகம்தான். ஆனால் 200 கிலோ பாசிக்காக எந்தக் குழு வழக்குப் போடும்? உங்கள் ஒப்பந்தத்துக்கு அர்த்தம் சொல்லும் இடம் தராசுக்கு முன்னால்தான்.

அதனால் ஒவ்வொரு குறைக்கும் அதன் விளைவைத் தனியாக எழுதுங்கள். ஈரம் 35 சதவீதத்தைத் தாண்டினால், எடையை 35 சதவீத ஈரத்துக்குச் சரிக்கட்டி முழு விலையில் வாங்க வேண்டும். 100 கிலோவில் 40 சதவீதம் ஈரம் என்றால் காய்ந்த பொருள் 60 கிலோ. அதை 0.65ஆல் வகுத்தால் சுமார் 92 கிலோ 300 கிராம், அதற்குப் பணம். ஐந்து கிலோ கழித்து 95 என்று உங்கள் அத்தை கேட்டால் அதுவும் தப்பு, சொல்லிவிடுங்கள். மணலோ கயிறோ இருந்தால், குழு அங்கேயே சலித்துப் பொறுக்கித் தரலாம், தந்த பின் மீந்த சரக்கை முழு விலையில் எடுக்க வேண்டும். அப்படித் தர மறுத்தால் மட்டும் கம்பெனி வேண்டாம் எனலாம். ஒருமுறை மறுத்த மூட்டையைக் குறைந்த விலையில் திரும்ப எடுக்கக் கூடாது, குழு அதை வெளியே விற்கலாம். மூன்றே விதி. ஒன்றிலும் சாய்கோடு வராது, தேவையும் இருக்காது.

வெளியே விற்கலாம் என்பதை கம்பெனி எளிதில் ஒத்துக்கொள்ளாது. மற்ற இரண்டில் விட்டுக்கொடுத்தாவது அதை வாங்குங்கள், வாங்க வந்தவர் திருப்பி அனுப்பத் தயங்க வேறு காரணமே இல்லை. அப்புறம், ஈரம் அளக்கும் கருவியை யார் பிடிக்கிறார்கள் என்று எங்கேயும் எழுதவில்லை போலிருக்கிறது. அளவு எழுதிய சீட்டில் குழுத் தலைவியும் கையெழுத்துப் போட வேண்டும் என்று சேர்த்துவிட்டு, இன்னொரு முறை டைப் அடித்துக் கொடுங்கள்.